முடிந்த பயணத்தை அடுத்தவர் அப்படியே பின்பற்றும்படி எழுதுவது எப்படி: ஓர் ஊட்டிக் கணக்கை வைத்து முழுமையான வழிகாட்டி

2025 பிப்ரவரியில் நானும் என் வீட்டுக்காரரும் ஊட்டிக்குப் போய்வந்தோம். சென்னையிலிருந்து ராத்திரி ரயில், மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில், இரண்டு ராத்திரி லாட்ஜ். திரும்பி வந்ததும் உற்சாகமாக எழுதினேன்: "தலைக்கு 5,200 ரூபாயில் ஊட்டி." கணக்கில் பொய் எதுவும் இல்லை, மொத்தச் செலவை இரண்டால் வகுத்திருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் என் சித்தி பையன் அதைப் பார்த்துவிட்டுத் தனியாகக் கிளம்பினான். மூன்றாம் நாள் போன் வந்தது. "அக்கா, நீங்க எழுதினதை நம்பி ஆறாயிரம்தான் எடுத்துட்டு வந்தேன். எனக்கு எட்டாயிரத்துக்கு மேல ஆயிடுச்சு." நான் போன ரயிலில் போயிருக்கிறான், நான் தங்கிய லாட்ஜிலேயே தங்கியிருக்கிறான். அறை வாடகையைப் பங்குபோடத்தான் அவனுக்கு ஆள் இல்லை.

நம் செலவை எழுதிவைப்பது ஒரு வேலை. அதை வைத்து இன்னொருவர் தன் செலவைப் போட்டுக்கொள்ளும்படி எழுதுவது வேறொரு வேலை. அதற்குப் பிறகு அந்தப் பயணத்தை முழுக்கத் திருப்பி எழுதினேன். எப்படி எழுதினேன் என்பதை அதே ஊட்டிக் கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பிடியுங்கள், வீடு வந்த ஒரு வாரத்துக்குள்

எழுத உட்காரும் முன் செலவு முழுவதையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். நினைவை மட்டும் நம்பினால் பெரிய செலவுகள்தான் வரும். பஸ் கண்டக்டர் மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட்டைப் பர்ஸில் வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள், வெறும் வெள்ளைத்தாள்தான் இருக்கும். அது சூட்டில் எழுத்து தெரியும் தாள், சீக்கிரம் மங்கிவிடும். அதனால் டிக்கெட் கைக்கு வந்ததும் ஒரு போட்டோ எடுத்துவிடுவது நல்லது. விலை தெரியும், போட்டோவில் பதியும் நேரமும் கூடவே கிடைக்கும். அந்த நேரம் பின்னால் உதவும்.

யூபிஐயில் கொடுத்ததெல்லாம் ஆப்பிலேயே தேதியோடு இருக்கும். ரயில் டிக்கெட் மெயிலில் இருக்கும், லாட்ஜ் பில் கையில் இருக்கும். தப்பிப்போவது ரொக்கம்தான். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. நாங்கள் கிளம்பும்போது கையில் 3,000 ரூபாய் இருந்தது. ஊட்டியில் ஏடிஎம்மில் 3,500 எடுத்தோம். வீடு வந்து எண்ணியபோது 1,196 மிச்சம். ஆக, ரொக்கமாகச் செலவானது 5,304. நான் குறித்து வைத்திருந்த ரொக்கச் செலவுகளைக் கூட்டினால் 4,644 தான் வந்தது. 660 ரூபாயைக் காணோம்.

அன்று ராத்திரி இருவரும் உட்கார்ந்து பயண நாட்களை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். மலை ரயிலில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது எல்லோரும் இறங்குவார்கள். அங்கே சாப்பிட்ட வடையும் டீயும் 80. லாட்ஜில் கீஸர் காலையில் வேலை செய்யாமல், வாளி 50 என்று இரண்டு வாளி வெந்நீர் வாங்கியது 100. ரூம் பையனுக்கு டிப்ஸ் 200. வழியெல்லாம் கழிவறைகளுக்குக் கொடுத்தது 60. இத்தனையும் சேர்த்து 440. மீதி 220 எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அதை "கணக்கில் வராத சில்லறை: 220" என்று அப்படியே எழுதிவிட்டேன். சாப்பாட்டில் சேர்த்து மறைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் இப்படி ஒரு தொகை கசியும். அதைப் பார்க்கும் வாசகர் தானும் இருநூறோ முந்நூறோ கூடுதலாக வைத்துக்கொள்வார்.

வடை, டீயைச் சாப்பாட்டில் சேர்த்துவிட்டேன். வெந்நீர், டிப்ஸ், கழிவறை, சில்லறை நான்கும் சேர்ந்து 580. அவை "சில்லறைச் செலவு" என்ற தனி வரி.

செலவை எதற்கு என்று பிரிக்காதீர்கள், எதனால் கூடும் என்று பிரியுங்கள்

பெரும்பாலான பயணக் குறிப்புகளில் போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு என்று பிரித்திருப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் நான்கு பேரோடு போகிறவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தச் செலவு ஆள் கூடினால் கூடும், எது கூடாது என்பதுதான் அவருக்கு வேண்டும். அதனால் என் பட்டியலைக் கலைத்து இரண்டு கூறாகப் போட்டேன்.

தலைக்கு ஆகும் செலவு:

- சென்னை–மேட்டுப்பாளையம் ஸ்லீப்பர், போகவர: 680
- மலை ரயில், மேட்டுப்பாளையம்–ஊட்டி, முன்பதிவு இரண்டாம் வகுப்பு: 295
- ஊட்டி–குன்னூர் சாதாரணப் பஸ், போகவர: 44
- ஊட்டி–மேட்டுப்பாளையம் அரசுப் பஸ், இறங்க மட்டும்: 60
- நுழைவுக் கட்டணங்கள்: 120
- சாப்பாடு, டீ, வடை: 1,230
- கூட்டினால்: 2,429

எத்தனை பேர் போனாலும் ஒரு அறைக்கு, ஒரு வண்டிக்கு ஆகும் செலவு:

- அறை, இரண்டு ராத்திரி: 3,200, அதன் மேல் ஜிஎஸ்டி 384, ஆக 3,584
- ஆட்டோக்கள்: வீட்டிலிருந்து சென்ட்ரல் 280, திரும்பும்போது 310, ஊட்டி ஸ்டேஷனிலிருந்து லாட்ஜ் 150, தொட்டபெட்டா போய்க் காத்திருந்து வர 700, ஆக 1,440
- ஆன்லைன் டிக்கெட் கட்டணம், மூன்று புக்கிங்குக்கு: 35
- சில்லறைச் செலவு: 580

இங்கே ஒரு சின்ன விஷயம். ஐஆர்சிடிசியில் யூபிஐ மூலம் ஏசி இல்லாத டிக்கெட் எடுத்தால் வசதிக் கட்டணம் 10 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. இது ஆளுக்கு ஆள் கிடையாது, ஒரு டிக்கெட்டுக்கு ஒரு தடவை. அதனால்தான் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. தொகை அற்பம்தான். ஆனால் எந்த வரி எந்தப் பட்டியலில் வரும் என்று யோசிக்கும் பழக்கம் இப்படிச் சின்னதில்தான் வரும்.

இப்படிப் பிரித்த பிறகு கணக்குத் தானாக நடக்கும். சித்தி பையன் மாதிரித் தனியாகப் போகிறவருக்கு 2,429, அதோடு இரண்டாவது பட்டியல் முழுவதும், ஆக 8,068. அவன் போனில் சொன்ன எட்டாயிரம் இதுதான். நான் தலைக்கு 5,200 என்று எழுதியபோது இந்த எட்டாயிரம் அதற்குள் ஒளிந்திருந்தது.

மூன்று பேருக்குப் போட்டுப் பார்த்தேன். லாட்ஜில் கூடுதல் படுக்கை ஒரு ராத்திரிக்கு 500 என்று சொல்லியிருந்தார்கள், வரியோடு இரண்டு ராத்திரிக்கு 1,120. ஆட்டோவில் மூவர் போகலாம், அதனால் அந்தச் செலவு கூடாது. மொத்தம் 14,046, தலைக்கு 4,682. சரி, நான்கு பேர் போனால் இன்னும் குறையுமா? குறையாது. இரண்டு அறை வேண்டும், ஒரு ஆட்டோவில் நால்வர் ஏற முடியாது, எல்லா இடத்திலும் இரண்டு ஆட்டோ. தலைக்கு 5,095 ஆகிவிடுகிறது. எங்கள் இருவர் செலவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தப் பயணத்துக்குச் சிக்கனமான எண்ணிக்கை மூன்று என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

உங்கள் கட்டுரையில் இவ்வளவு கணக்கையும் போட வேண்டியதில்லை. இரண்டு பட்டியலும், ஒருவர், இருவர், மூவர், நால்வருக்கு என்ன ஆகும் என்ற நான்கு வரியும் போதும். வாங்கிவந்த வர்க்கி, சாக்லேட், நீலகிரித் தைலம் எல்லாம் 1,150 ரூபாய். அதை மொத்தத்தில் சேர்க்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். சேர்த்தாலும் குற்றமில்லை. ஆனால் சேர்த்ததையும் சேர்க்காததையும் சொல்லாமல் விடுவது தப்பு.

நீங்கள் கொடுக்காத பணத்தை எழுதுங்கள்

இதில்தான் நல்ல மனசுக்காரர்களும் வழுக்குவார்கள். பட்டியலில் 0 என்று இருப்பதற்குப் பின்னால் காரணம் இருக்கும். அந்தக் காரணம் வாசகரிடம் இருக்காது.

எங்கள் பயணத்தில் அப்படி மூன்று இருந்தன. முதலாவது, குன்னூர் பஸ். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பின்னால் அது மலைப் பகுதிகளுக்கும் வந்தது. அதனால் எனக்குப் பூஜ்யம், அவருக்கு மட்டும் டிக்கெட். முதல் தடவை எழுதும்போது "இருவருக்கும் போகவர 44" என்று போட்டிருந்தேன். இரண்டு ஆண்கள் அதைப் படித்துவிட்டுப் போனால் 88 ஆகும். தொகை சின்னது. இதுவே நாள் முழுக்கச் சாதாரணப் பஸ்ஸில் சுற்றும் பயணமாக இருந்தால் கணக்கே மாறிவிடும். அதனால்தான் மேலே தலைக்கு 44 என்று முழுக் கட்டணத்தைப் போட்டேன்.

இரண்டாவது, குன்னூரில் மதியச் சாப்பாடு. தோழி வீட்டில் சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம். செலவு 0. வாசகருக்கு அங்கே தோழி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டலின் விலைப் பலகையைப் போட்டோ எடுத்திருந்தேன், அதன்படி இருவருக்கு 300. மூன்றாவது, முதல் ராத்திரி ரயிலில் சாப்பிட்ட புளியோதரை. வீட்டில் கட்டிக்கொண்டு போனது. வெளியே வாங்கினால் இருவருக்கு 200 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு சாப்பாடும் மேலே உள்ள பட்டியலில் இல்லை.

ஆக, இரண்டு மொத்தம் எழுதினேன். "நாங்கள் செலவழித்தது 10,453. எந்தச் சலுகையும் இல்லாமல் இருவர் இதையே செய்தால் 10,997." இரண்டாவது தொகையை மேலே பெரிதாகவும் முதலாவதைக் கீழேயும் போட வேண்டும். முன்பு நான் தலைகீழாகச் செய்திருந்தேன். குறைந்த தொகையைத் தலைப்பில் போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

உங்களுக்கு இது வேறு வடிவத்தில் வரலாம். கார்டு பாயின்ட்டில் எடுத்த அறை, ஆபீஸ் கொடுத்த விமான டிக்கெட், மாமா கொண்டுவந்து விட்ட கார். எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். காசு கொடுத்து வாங்கினால் அன்றைக்கு என்ன விலை என்று பார்த்து, அதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

தப்பிப்போன பணத்துக்குத் தனி இடம்

இதற்கு நேர்மாறானது, நாங்கள் தண்டமாகக் கொடுத்தது. ஸ்லீப்பர் டிக்கெட்டை முதலில் வேறொரு தேதிக்கு எடுத்திருந்தோம். அப்புறம்தான் மலை ரயிலைப் பார்த்தால் அந்தத் தேதிக்கு வெயிட்டிங் லிஸ்ட். அது நகரும் என்ற நம்பிக்கை போனதும் தேதியை மாற்றினோம். உறுதியான ஸ்லீப்பரை 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தும் ஆளுக்கு 120 பிடித்தார்கள். இருவருக்கு 240 போச்சு.

இதை மொத்தத்தில் சேர்க்கக் கூடாது, வாசகர் இந்தத் தப்பைச் செய்யத் தேவையில்லை. ஆனால் மறைக்கவும் கூடாது. "எங்கள் தவறு: 240" என்று எழுதி, அடுத்த வரியில் அதன் காரணத்தைப் போட்டேன். "மலை ரயில் உறுதியான பிறகு சென்னை ரயிலை எடுங்கள். அறையைக் கடைசியில் எடுங்கள்." முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது என்பதையும் சேர்த்தேன். என் கட்டுரையில் வாசகருக்கு அதிகம் பயன்பட்டது இந்த இரண்டு வரிதான் என்று சித்தி பையன் சொன்னான். எந்த வரிசையில் புக் செய்வது என்பது பயண நாட்களின் பட்டியலில் எங்கேயும் தெரியாது. ஏனென்றால் புக் செய்யும் வரிசையும் பயணம் செய்யும் வரிசையும் வேறு.

நேரத்தையும் செலவு மாதிரியே எழுதுங்கள்

"காலையில் மலை ரயிலில் ஊட்டி சேர்ந்து, மதியம் சுற்றிப் பார்த்தோம்." இது என் பழைய கட்டுரையில் இருந்த வரி. படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் இதை வைத்து யாரும் ஒரு நாளைத் திட்டமிட முடியாது.

மேட்டுப்பாளையத்தில் 7.10க்குக் கிளம்பும் மலை ரயில் 46 கிலோமீட்டர் போக ஐந்து மணி நேரத்தைத் தொடும். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளத்தில் நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும், குன்னூரில் இன்ஜின் மாறும். அட்டவணைப்படி ஊட்டி வந்து சேரும் நேரம் 11.55. போட்டோக்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் எங்களுடைய ஊட்டி ஸ்டேஷன் போர்டு படம் 12.34. லாட்ஜ் அறைக்குள் எடுத்த படம் 1.20. சாப்பிட்டு வெளியே வந்தபோது மணி மூன்று. அன்று நாங்கள் பார்த்தது தாவரவியல் பூங்கா ஒன்றுதான், அதையும் அவசரமாக.

அதனால் முதல் நாளை இப்படி மாற்றி எழுதினேன்:

"புதன். 6.30 மேட்டுப்பாளையம். மலை ரயில் எதிரிலேயே நிற்கும், இட்லி பார்சல் வாங்க நேரம் இருந்தது. 7.10 கிளம்பியது. வழியில் ஹில்குரோவில் டீ. 12.34 ஊட்டி, அட்டவணையை விட சுமார் 40 நிமிடம் தாமதம். ஆட்டோ 150, முதலில் கேட்டது 200. 1.20 அறை. 3.00 முதல் 5.30 வரை தாவரவியல் பூங்கா. இன்னொரு இடம் சேர்க்க முயல வேண்டாம், முன் ராத்திரி ரயிலில் வந்த அலுப்பு ஐந்து மணிக்குத் தெரிந்தது."

ஏறத்தாழ ஐம்பது வார்த்தையில் நேரம், விலை, கேட்ட விலை, கொடுத்த விலை, தாமதம், களைப்பு எல்லாம் வந்துவிட்டன. கேட்ட விலையையும் கொடுத்த விலையையும் சேர்த்து எழுதுவது முக்கியம். 150 மட்டும் எழுதினால், 200 கேட்கும் ஆட்டோக்காரர் தன்னை ஏமாற்றுகிறார் என்று வாசகர் சண்டைக்குப் போவார். இரண்டும் இருந்தால் எங்கிருந்து எங்கே பேரம் நடக்கிறது என்று தெரியும். நம் ஊரில் மீட்டர் இல்லாத எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எல்லா நாளையும் இப்படி நிமிடக் கணக்கில் எழுத வேண்டாம். ஒரு ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டிய நாளுக்கு மட்டும் போதும். இரண்டாம் நாள் குன்னூரும் தொட்டபெட்டாவும் நிதானமாகப் போனோம், அதைக் காலை, மதியம், மாலை என்று மூன்று வரியில் முடித்தேன். மூன்றாம் நாள் திரும்ப நிமிடக் கணக்குத் தேவை, ஏனென்றால் ராத்திரி ரயிலைப் பிடிக்க மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். மலைப் பாதையில் பஸ் இரண்டு மணி நேரம் என்பார்கள். எங்களுக்கு வழியில் லாரி ஒன்று நின்றுவிட்டதால் மூன்றேகால் ஆனது. மதியமே கிளம்பியதால் தப்பித்தோம். அந்த மூன்றேகாலைத்தான் எழுத வேண்டும்.

தேதி இல்லாத விலை விலையே இல்லை

எல்லா விலைக்கும் மேலே ஒரே வரி போதும்: "2025 பிப்ரவரி இரண்டாம் வாரம், புதன் முதல் வெள்ளி வரை, டிக்கெட்டும் அறையும் டிசம்பரில் எடுத்தது." இதில் நான்கு தகவல் இருக்கிறது. ஆண்டு, பருவம், வார நாள், எவ்வளவு முன்னால் எடுத்தோம் என்பது. ஊட்டி மாதிரி ஊரில் இந்த நான்கும் விலையை ஆட்டிவைக்கும். திருப்பி எழுதும்போது அதே லாட்ஜுக்குப் போன் போட்டு மே மாத வாடகை கேட்டேன். எங்களுக்கு 1,600 வாங்கிய அறைக்கு 3,500 சொன்னார்கள். அந்த ஒரு போனில், சீசனில் போகிறவருக்கு இரண்டாவது மொத்தம் கிடைத்துவிட்டது. அறைக்கு ஒரு ராத்திரிக்கு 1,900 கூடுதல் என்று எழுதினால் போதும், மற்றதை அவரே கூட்டிக்கொள்வார்.

வரியைத் தனியாக எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் அறைக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு அது 5 சதவீதமாகக் குறைந்தது. அடிப்படை வாடகை மாறவில்லை என்றால் அதே அறை இப்போது 3,584க்குப் பதில் 3,360. நான் 3,584 என்று மட்டும் எழுதியிருந்தால் எதில் எது வரி என்று யாராலும் பிரித்திருக்க முடியாது. அதே ஆண்டு ஜூலையில் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்லீப்பர் கட்டணமும் கிலோமீட்டருக்கு ஒரு பைசா கூடியது. சென்னை–மேட்டுப்பாளையம் தூரத்துக்கு அது ஐந்து ரூபாய் அளவுதான், அதனால் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

பணம் சம்பந்தப்படாத விதிகளும் இங்கேதான் வர வேண்டும். நாங்கள் ரயிலிலும் அரசுப் பஸ்ஸிலும் போனதால் இ-பாஸ் எடுக்கவில்லை, முதல் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் 2024 மே முதல் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ நீலகிரிக்கு வருகிறவர்கள் epass.tnega.org தளத்தில் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற உச்ச வரம்பும் இருந்தது. என் திட்டத்தை எடுத்துக்கொண்டு, ரயில் கிடைக்காமல் காரில் கிளம்பும் ஒரு குடும்பத்தைச் செக்போஸ்ட்டில் நிறுத்த அந்த ஒரு வரி இல்லாததே போதும். அதேபோல, தண்ணீர் பாட்டில் உட்பட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. எங்களிடம் எவர்சில்வர் பாட்டில் இருந்ததால் எங்களுக்கு அது தெரியவே இல்லை. நம்மைத் தொடாத விதி நம் கண்ணில் படாது. எழுதும்போது "இதே வழியில் வேறு மாதிரி வருகிறவரை எது நிறுத்தும்" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மலை ரயிலே ஓடாமல் போனால் என்ன செய்வது என்பதையும் எழுதினேன். மழைக்காலத்தில், முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண் சரிந்து சேவை ரத்தாவது சகஜம். மாற்று வழி, மேட்டுப்பாளையத்திலேயே ஊட்டி பஸ். டிக்கெட் பணம் திரும்ப வரும், நாளும் கெடாது, மதியத்துக்கு முன்பே ஊட்டி சேர்ந்துவிடலாம்.

கட்டுரையை எந்த வரிசையில் அடுக்குவது

மேலே செய்ததெல்லாம் கையில் இருந்தால் எழுதுவது அரை நாள் வேலை. நான் வைத்த வரிசை இது. முதலில் தேதி வரி. அடுத்து மொத்தம்: சலுகை இல்லாமல் இருவருக்கு 10,997, தனியாள் சுமார் 8,300, மூவர் என்றால் தலைக்குச் சுமார் 4,900. அதில் என்ன சேர்ந்திருக்கிறது, என்ன சேரவில்லை என்று ஒரு வரி. பிறகு எதை முதலில் புக் செய்வது. பிறகு மூன்று நாட்கள். அப்புறம் இரண்டு செலவுப் பட்டியல். கடைசியில் தவறுகள்.

போட்டோவும் பரவசமும் நாட்களுக்கு நடுவே வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மலை ரயில் பாதையில் ரன்னிமேடு பக்கம் பனி விலகிய அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி நானும் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். ஆனால் விலையை அந்தப் பத்திக்குள் புதைக்கவில்லை. கணக்கு தேடி வருகிறவர் பனியைத் தாண்டித் தேடக் கூடாது.

வெளியிடும் முன் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்

அந்த ஊருக்குப் போகாதவராக இருக்க வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "இதை வச்சு அடுத்த மாசம் போறதா இருந்தா என்கிட்ட என்ன கேப்பே?" என்று கேளுங்கள். இந்தத் தடவை என் வீட்டுக்காரரின் தங்கையிடம் கொடுத்தேன். மூன்று கேள்வி வந்தது.

"அண்ணி, மலை ரயில்ல கழிவறை உண்டா?"

"மூணாம் நாள் ரூமைக் காலி பண்ணிட்டுப் பையை எங்க வச்சீங்க?"

"ரயில் ராத்திரிதானே, மேட்டுப்பாளையத்துல அவ்வளவு நேரம் என்ன பண்ணினீங்க?"

மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, கட்டுரையில் இல்லை. பெட்டிக்குள் கழிவறை இல்லை, ரயில் நிற்கும் ஸ்டேஷன்களில்தான் போக வேண்டும். பையை லாட்ஜிலேயே காசு வாங்காமல் வைத்துக்கொண்டார்கள். மேட்டுப்பாளையத்தில் ஒன்றும் செய்யவில்லை, காத்திருப்பு அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். மூன்றையும் சேர்த்தேன். குழந்தையோடு போகிறவர்களுக்கு முதல் பதில் ஒன்றே பயணத்தைத் தீர்மானிக்கலாம்.

பிறகு விலை மாறினால்

பழைய எண்ணை அழித்துப் புதியதைப் போடாதீர்கள். அப்படிச் செய்தால் 2025 பிப்ரவரி என்று மேலே எழுதிய தேதி பொய்யாகிவிடும், பாதி விலை ஒரு காலத்திலும் பாதி வேறு காலத்திலும் நிற்கும், கூட்டுத்தொகையும் உதைக்கும். பட்டியலை அப்படியே விட்டுவிட்டு, கீழே தேதி போட்டு மாற்றத்தை மட்டும் எழுதுங்கள். யார் சொன்னது என்பதையும் சேருங்கள், நீங்கள் கொடுத்த விலையும் கேள்விப்பட்ட விலையும் ஒன்றல்ல. என் கட்டுரையின் அடியில் இப்போது இருப்பவை இரண்டு வரி:

"2025 மார்ச்: தனியாகப் போன உறவினருக்கு ஆனது எட்டாயிரத்துக்கு மேல். தனியாள் கணக்கு அதன் பிறகே சேர்க்கப்பட்டது."

"2025 செப்டம்பர் 22 முதல்: அறை ஜிஎஸ்டி 5 சதவீதம். இரண்டு ராத்திரிக்கு 224 ரூபாய் குறையும். அடிப்படை வாடகை அதேதானா என்று லாட்ஜில் கேட்கவில்லை."